தாளுக்கு ‘மை’, குச்சிக்கு ‘ஹொன்’, முட்டைக்கு ‘கொ’: ஜப்பானிய எண்ணிக்கைச் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வழி

கீரை இரண்டு கட்டு, வாழைப்பழம் ஒரு சீப்பு, மல்லிகை மூன்று முழம். சந்தையில் இப்படி எண்ணித்தான் வாங்குகிறோம். ஆனால் பென்சில் வாங்கப் போனால் “பென்சில் இரண்டு” என்றால் போதும். எண்ணுக்கும் பொருளுக்கும் நடுவே இன்னொரு சொல் தேவைப்படுவதில்லை. ஜப்பானிய மொழியில் அந்த ஒற்றைப் பென்சிலுக்கும் ஒரு சொல் வேண்டும். வெறும் ‘இரண்டு’ என்ற எண்ணைப் பென்சிலின் பக்கத்தில் வைத்தால் வாக்கியம் முடிவதில்லை. எண்ணோடு ஒட்டி வரும் அந்தச் சொல்லுக்கு ஜோசூஷி என்று பெயர். தமிழில் எண்ணிக்கைச் சொல் எனலாம்.

இந்தச் சொற்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. மனிதருக்கு ஒன்று, சிறு விலங்குக்கு ஒன்று, புத்தகத்துக்கு ஒன்று, இயந்திரத்துக்கு ஒன்று என்று பட்டியல் நீளும். தொடக்கத்தில் அதை மனப்பாடம் செய்ய முயல்பவர்கள் பாதி வழியில் களைத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். அன்றாட வீட்டுப் பொருள்களில் மிகப் பெரும் பகுதியை, வடிவத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் மூன்று சொற்களே தாங்கிவிடுகின்றன. தட்டையாக இருந்தால் ‘மை’, நீளமாக இருந்தால் ‘ஹொன்’, கைக்குள் அடங்கும் கட்டியாக இருந்தால் ‘கொ’. இந்த மூன்றையும், இவற்றுக்குத் துணையாக ‘த்சு’, ‘த்சுபு’ என்ற இரண்டையும் மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

உச்சரிப்பு பற்றி முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். கீழே வரும் எண்ணும் சொற்களில் தனித்து நிற்கும் க, த ஆகியவற்றை வல்லினமாகவே ஒலியுங்கள். விலக்கு இரண்டு: இயந்திரங்களை எண்ணும் ‘தை’யில் த மென்மையானது, ‘ஐந்து’ என்பதற்கான ‘கொ’வும் மென்மையானது. அதைக் ‘கோவிந்தன்’ என்னும் பெயரின் முதல் எழுத்தைப் போல மென்மையாகவும், அதே சமயம் குறுகலாகவும் சொல்ல வேண்டும்.

முதல் படி: கைவசம் ஒரு பொதுச்சொல்

வடிவச் சொற்களுக்குப் போகுமுன் ‘த்சு’ வரிசையைக் கற்றுக்கொள்ளுங்கள். ஹிதொத்சு, ஃபுதத்சு, மித்த்சு, யொத்த்சு, இத்சுத்சு, முத்த்சு, நனத்சு, யத்த்சு, கொகொனொத்சு, தோ. இவை ஒன்று முதல் பத்து வரை. சீனத்திலிருந்து வந்த எண்களைப் போல் அல்லாமல், இவை ஜப்பானியரின் சொந்த எண்கள். பத்தாவதில் ‘த்சு’ இல்லை என்பதைக் கவனியுங்கள். அதற்கு மேல் இந்த வரிசையும் இல்லை.

இதில் ஒரு அழகான ஒழுங்கு ஒளிந்திருக்கிறது. சில எண்களும் அவற்றின் இரு மடங்குகளும் ஒரே மெய்யொலியில் தொடங்குகின்றன. மூன்று மித்த்சு, ஆறு முத்த்சு. நான்கு யொத்த்சு, எட்டு யத்த்சு. ஒன்றும் இரண்டும் ஹிதொத்சு, ஃபுதத்சு. ஹ, ஃப இரண்டும் ஜப்பானியத்தில் ஒரே வரிசை எழுத்துகள். உயிர் மட்டும் மாறி எண் இரட்டிப்பாகிறது. இதை ஒருமுறை உணர்ந்துவிட்டால் ஆறையும் எட்டையும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

‘த்சு’ வடிவத்தைப் பார்ப்பதில்லை. உணவகத்தில் காபி இரண்டு என்று சொல்ல ஃபுதத்சு போதும். காரணங்கள் மூன்று, கேள்விகள் இரண்டு என்று கையில் பிடிக்க முடியாதவற்றையும் இதே சொல்லால் எண்ணலாம். சரியான சொல் நினைவுக்கு வராதபோது இதைச் சொன்னால் கடைக்காரருக்குப் புரிந்துவிடும். ஆனால் பென்சிலையும் தாளையும் ‘த்சு’வில் எண்ணினால், சின்னக் குழந்தை பேசுவதுபோல ஒலிக்கும். மனிதர்களுக்கும் விலங்குகளுக்கும் இதை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

இரண்டாம் படி: எண் எங்கே நிற்கிறது?

இந்த இடத்தில் தமிழருக்கு ஒரு வசதி கிடைக்கிறது. “ஸ்டாம்ப் மூன்று கொடுங்கள்” என்று பொருளை முன்னும் எண்ணைப் பின்னும் வைத்து நாம் இயல்பாகவே பேசுகிறோம். ஜப்பானியரும் அப்படியே பேசுகிறார்கள்: “கித்தே ஓ சன்மை குதசாய்.” கித்தே என்பது ஸ்டாம்ப். ‘ஓ’ என்பது நம்முடைய ‘ஐ’ உருபைப் போன்றது. சன்மை என்பது மூன்று. குதசாய் என்றால் கொடுங்கள். எண்ணும் எண்ணிக்கைச் சொல்லும் சேர்ந்த கூட்டு, பொருளுக்குப் பின்னால், வினைக்குச் சற்று முன்னால் நிற்கிறது. ஆங்கிலத்தின் வழியாகக் கற்பவர்கள் எண்ணை முன்னால் தள்ளிப் பொருளோடு நேராக ஒட்டிவிடுகிறார்கள். தமிழிலேயே யோசித்தால் அந்தப் பிழை வராது.

மூன்றாம் படி: தட்டையானவற்றுக்கு ‘மை’

‘மை’யிலிருந்து தொடங்கச் சொல்வேன். இதில் ஒலி மாற்றமே இல்லை. இச்சிமை, நிமை, சன்மை, யொன்மை, கொமை, ரொகுமை, நனமை, ஹச்சிமை, க்யூமை, ஜூமை. எண்ணைச் சொல்லுங்கள், ‘மை’யை ஒட்டுங்கள், வேலை முடிந்தது. எத்தனை என்று கேட்க நன்மை என்று சொல்கிறார்கள். நம் ‘நன்மை’யைப் போலவே எழுத்தில் தோன்றுவதால் இது மறக்காது.

தாள், டிக்கெட், ஸ்டாம்ப், புகைப்படம், சட்டை, துண்டு, தட்டு, இலை, பூவிதழ், பீட்சா, பிஸ்கட் எல்லாம் ‘மை’. இங்கே பார்க்க வேண்டியது மெல்லிய தட்டைத்தன்மை. பொருள் சிறிதா பெரிதா என்பதற்கு இடமில்லை. நாணயம் மிகச் சிறியது, ஆனாலும் 100 யென் நாணயம் ஒன்று இச்சிமைதான். ஒரு தரைப்பாய் ஆள் உயரம் இருக்கும், அதுவும் இச்சிமைதான். வளைந்து கொடுப்பதா விறைப்பானதா என்பதும் பொருட்டல்ல. சட்டையும் பலகையும் ஒரே சொல்லில் அடங்குகின்றன.

ரொட்டியை வைத்து இதன் எல்லையைப் பார்க்கலாம். ஜப்பானியக் கடையில் சதுர ரொட்டியை முன்பே வெட்டி விற்கிறார்கள். உறையில் ‘ஆறு மை வெட்டு’, ‘எட்டு மை வெட்டு’ என்ற பொருளில் எழுதியிருக்கும். ஒரே அளவு ரொட்டியை எத்தனை துண்டாக்கியிருக்கிறார்கள் என்பது அது. எண் கூடக்கூடத் துண்டு மெலிகிறது. வெட்டாத முழு ரொட்டி தட்டையானது அல்ல, ஆகவே அதை ‘மை’யில் எண்ண முடியாது. அதற்குக் ‘கின்’ என்ற பழைய எடை அலகு இன்னும் வழக்கில் இருக்கிறது.

இரண்டு பொறிகள் உண்டு. புத்தகம் தட்டையாகத் தெரிந்தாலும் ‘மை’ அல்ல. அது பல தாள்களைக் கட்டிய தொகுதி, அதற்குச் ‘சத்சு’ என்று தனிச்சொல் இருக்கிறது. கைப்பேசியும் தட்டையானதே, ஆனால் இயந்திரங்களுக்குரிய ‘தை’ என்ற சொல்லால் அதை எண்ணுகிறார்கள். பொருளுக்குத் தனிச்சொல் இருந்தால் வடிவம் பின்வாங்கிவிடும்.

நான்காம் படி: நீளமானவற்றுக்கு ‘ஹொன்’

பலரும் தடுமாறுவது இங்கேதான். ஆனால் தமிழ் காதுக்கு இது மிகவும் பழக்கமான ஓசை என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. வரிசை இது: இப்பொன், நிஹொன், சம்பொன், யொன்ஹொன், கொஹொன், ரொப்பொன், நனஹொன், ஹப்பொன், க்யூஹொன், ஜுப்பொன். எத்தனை என்று கேட்க நம்பொன்.

தமிழ் எழுத்தில் எழுதியதை அப்படியே வாய்விட்டுப் படியுங்கள். இந்தப் பொன் என்பது இப்பொன் ஆகும்போது நம் மொழியில் ப் இரட்டிக்கிறது. செம்மையான பொன் செம்பொன் ஆகும்போது, மகர மெய்க்குப் பின் வரும் ப தானாக மெலிந்து ஒலிக்கிறது. ஜப்பானிய ஒன்றும் மூன்றும் இதே வேலையைத்தான் செய்கின்றன. இப்பொன்னில் ப் அழுத்தமாக இரட்டிக்கிறது. சம்பொன்னில், செம்பொன்னைப் போலவே, மெலிகிறது. தனியாகப் பயிற்சி செய்ய எதுவும் இல்லை.

அப்படியானால் இரண்டுக்கு மட்டும் ஏன் நிஹொன்? ப எங்கே போயிற்று? காரணம் ஒலி வரலாற்றில் இருக்கிறது. இன்று ஜப்பானியர் ஹ என்று ஒலிக்கும் ஒலி பழங்காலத்தில் ப ஆக இருந்தது. தனியே நின்ற இடங்களில் அது நாளடைவில் தேய்ந்து ஹ ஆயிற்று. இரட்டித்து நின்ற இடங்களில் பக்கத்து மெய்யின் பிடியில் ப ஆகவே தங்கிவிட்டது. இந்த மாற்றம் நமக்கு அந்நியமானது அல்ல. தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. தமிழில் பல், கன்னடத்தில் ஹல்லு. தமிழில் பொன், கன்னடத்தில் ஹொன்னு. பொன்னுக்கும் ஹொன்னுக்கும் உள்ள அதே உறவுதான் இப்பொன்னுக்கும் நிஹொன்னுக்கும் இருக்கிறது. மொழிகளுக்குள் உறவு இருப்பதாக இதற்குப் பொருள் இல்லை. ஒரே வகை ஒலித்தேய்வு இரண்டு இடங்களில் தனித்தனியே நடந்திருக்கிறது.

எங்கே இரட்டிக்கும் என்பதற்கு விதி ஒன்றே: ஒன்று, ஆறு, எட்டு, பத்து. இந்த நான்கு எண்களும் சீனத்திலிருந்து வந்தபோது வல்லின மெய்யில் முடிந்தவை. அந்த முடிவு அடுத்து வரும் மெய்யோடு மோதி இரட்டிப்பாக மாறியது. மூன்று மூக்கொலியில் முடிவதால் மெலிகிறது. நான்கும் மூக்கொலியில்தானே முடிகிறது, அது ஏன் மெலியவில்லை என்று கேட்கலாம். ‘யொன்’ என்பது சீன எண் அல்ல. சாவைக் குறிக்கும் சொல்லோடு ஒலி ஒத்துப்போன ‘ஷி’யைத் தவிர்க்க, சொந்த எண் பின்னாளில் அந்த இடத்துக்கு வந்தது. பழைய விதி அதைத் தொடவில்லை. எட்டுக்கு மட்டும் ஹச்சிஹொன் என்றும் சொல்வார்கள். பத்துக்கு ஜிப்பொன் என்ற பழைய வடிவத்தையும் கேட்பீர்கள். எல்லாம் சரியே.

பெரிய எண்களில் கடைசிப் பகுதியை மட்டும் பாருங்கள். பன்னிரண்டு ஜூனிஹொன். பதின்மூன்று ஜூசம்பொன். இருபது நிஜுப்பொன். நூறு ஹ்யப்பொன். ஆயிரம் செம்பொன், ஆம், நம் செம்பொன்னைப் போலவே. குழந்தைகள் சுண்டுவிரல் கோத்துச் சத்தியம் செய்யும்போது, பொய் சொன்னால் ஊசி ஆயிரம் விழுங்க வைப்பேன் என்று பாடுகிறார்கள். அந்த ஆயிரம் ஊசிதான் ‘ஹரி செம்பொன்’. உடலெங்கும் முள் கொண்ட ஒரு மீனுக்கும் அதுவே பெயர்.

ஊசி எவ்வளவு சிறிது! ஆனாலும் அது ‘ஹொன்’. அளவல்ல, ஒரு திசையில் நீண்டிருப்பதே கணக்கு. தலைமுடி, விரல், பல், பென்சில், குடை, மரம், சாலை, ஆறு, பாட்டில் எல்லாம் இதற்குள் வரும். தட்டையாகவும் நீளமாகவும் இருந்தால் நீளமே வெல்லும். அளவுகோல், பெல்ட், கழுத்துப்பட்டை, ரிப்பன் எல்லாம் ‘ஹொன்’. தட்டையா நீளமா என்று ஐயம் வந்தால் நான் இப்படிச் சோதிப்பேன்: அந்தப் பொருளை மேசை மேல் போட்டால் கண் அதன் பரப்பின் மேல் பரவுகிறதா, அல்லது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடுகிறதா? ஓடினால் ‘ஹொன்’.

சில பொருள்கள் உறைக்குள் இருக்கும் வடிவத்தால் எண்ணப்படுகின்றன. ஒலிநாடா கேசட் பார்வைக்குத் தட்டையான பெட்டி, ஆனால் உள்ளே இருப்பது நீண்ட நாடா. ஆகவே இப்பொன். குறுந்தகடோ இச்சிமை. இரண்டிலும் ஒரே பாட்டு இருக்கலாம். திரைப்படத்தையும் ‘ஹொன்’னில் எண்ணுகிறார்கள், சுருளாகக் கிடந்த பிலிமின் நினைவு அது. தொலைபேசி அழைப்பு, பேஸ்பால் ஆட்டத்தில் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பறக்கும் அடி, குறித்த நேரத்துக்கு வரும் பஸ் என்று கோடாக நீளும் எல்லாவற்றுக்கும் இது பரவியிருக்கிறது. ஜூடோவில் ஒரே வீச்சில் ஆட்டத்தை முடிக்கும் வெற்றிக்கும் இப்பொன் என்றே பெயர்.

ஒரு எச்சரிக்கை மட்டும். ‘ஹொன்’ என்றால் புத்தகம் என்றும் பொருள், எழுத்தும் அதே எழுத்துதான். ஆனால் புத்தகத்தை ‘ஹொன்’னால் எண்ணக் கூடாது. “ஹொன் ஓ இஸ்ஸத்சு” என்பதே ஒரு புத்தகம். அதே போல் நிஹொன் என்பது ஜப்பான் நாட்டின் பெயராகவும் ஒலிக்கும். இரண்டு குச்சி என்னும்போது குரல் முதல் அசையில் உயர்ந்து இறங்குகிறது. நாட்டின் பெயரில் இரண்டாம் அசையில் உயர்கிறது. இடம் தெளிவாக இருப்பதால் குழப்பம் வருவதில்லை.

ஐந்தாம் படி: கட்டியானவற்றுக்கு ‘கொ’

இக்கொ, நிகொ, சன்கொ, யொன்கொ, கொகொ, ரொக்கொ, நனகொ, ஹக்கொ, க்யூகொ, ஜுக்கொ. இரட்டிக்கும் எண்கள் முன்பு சொன்ன அதே நான்குதான். ஒன்று, ஆறு, எட்டு, பத்து.

ஹொன் வரிசையில் கைகொடுத்த தமிழ் நாக்கு இங்கே நம்மைக் கவிழ்த்துவிடும். நம் மொழியில் மூக்கொலிக்குப் பின் வரும் க எப்போதும் மெலியும்: சங்கு, தங்கம், மாங்காய். அதே பழக்கத்தில் சன்கொவைச் ‘சங்கொ’ என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் மூன்றுக்குப் பின் ‘கொ’ மெலிவதில்லை. ‘பேங்க்’ என்னும்போது வரும் அழுத்தமான க் இங்கே வேண்டும். சங்கு என்பதுபோல் மென்மையாகச் சொன்னால் ஜப்பானியர் காதில் அது பவளம் என்று விழும். எத்தனை என்று கேட்கும் நன்கொவுக்கும் இதுவே விதி. நிகொவிலும் க இரண்டு உயிர்களுக்கு நடுவே மெலியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சரியாகச் சொல்கிறோமா என்று அறிய ஒரு வழி உண்டு. உள்ளங்கையை வாய்க்கு அருகே வைத்துச் சொல்லிப் பாருங்கள். ‘கொ’வில் சிறு காற்று கையில் பட வேண்டும். மெலிந்துவிட்டால் காற்று தெரியாது.

முட்டை, ஆப்பிள், வெங்காயம், உருளைக்கிழங்கு, அழிப்பான், எலுமிச்சை, பனிக்கட்டி. மூன்று திசையிலும் ஏறக்குறைய ஒரே அளவில் திரண்டிருக்கும் பொருள்கள் இவை. பொத்தான் வடிவ பேட்டரி இக்கொ, நீண்ட உருளை பேட்டரி இப்பொன். உருண்டைக் கத்தரிக்காய் இக்கொ, நீளக் கத்தரிக்காய் இப்பொன். குளிர்பானக் குப்பி தகரத்தில் இருந்தாலும் இப்பொன், மீன் அடைத்த தட்டைத் தகரக் குப்பி இக்கொ.

‘கொ’வுக்கும் ‘த்சு’வுக்கும் பெரும்பாலும் இடம் மாறலாம். ஆப்பிள் மூன்று என்பதை மித்த்சு என்றாலும் சன்கொ என்றாலும் தவறில்லை. பத்தைத் தாண்டினால் ‘த்சு’ நின்றுவிடுவதால் ‘கொ’ மட்டுமே மிஞ்சும். காரணம், கருத்து போன்ற உருவமற்றவற்றுக்கு ‘த்சு’வே பாங்கு.

ஆறாம் படி: இன்னும் சிறியவற்றுக்கு ‘த்சுபு’

சிறிய பொருள் என்றாலே ‘கொ’ என்று நினைப்பது பாதி சரி. உள்ளங்கையில் வைத்துப் பிடிப்பதைக் ‘கொ’வாலும், விரல் நுனியில் கிள்ளி எடுப்பதைத் ‘த்சுபு’வாலும் எண்ணுகிறார்கள். அரிசி, எள், பயறு, உதிர்ந்த திராட்சை, மாத்திரை, மழைத்துளி, கண்ணீர்த்துளி. ஒன்று ஹிதொத்சுபு, இரண்டு ஃபுதத்சுபு. இங்கே முதல் இரண்டுக்கும் சொந்த எண்களே வருகின்றன. கிளிகோ நிறுவனத்தின் கேரமல் மிட்டாய் “ஒரு த்சுபுவுக்கு 300 மீட்டர்” என்ற விளம்பர வாசகத்தால் புகழ்பெற்றது. ஒரு மிட்டாயின் ஆற்றலில் அவ்வளவு தூரம் ஓடலாம் என்பது அதன் பொருள். அந்தக் கேரமலைக் ‘கொ’வால் எண்ணினாலும் பிழையில்லை. ஆனால் அரிசியைக் ‘கொ’வால் எண்ணினால் காது உறுத்தும்.

வாழைப்பழம் ஒன்று இப்பொன். சீப்பாக எடுத்தால் ஹிதொஃபுசா. ‘ஃபுசா’ என்பது ஒரே காம்பில் தொங்கும் கொத்து, திராட்சைக் குலைக்கும் அதுதான். சீப்பு என்ற சொல்லை வைத்திருக்கும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஒரு சமையல் வழியாக முழுவதும்

இனி எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்ப்போம். வெள்ளரிக்காயை உள்ளே வைத்துச் சுற்றும் கப்பா மகி என்ற மெல்லிய சுஷிச் சுருள் செய்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நோரி என்ற கடற்பாசித் தாள் ஒன்று வேண்டும். முழுத்தாள் 21 சென்டிமீட்டருக்கு 19 சென்டிமீட்டர். தட்டை, மெல்லியது, ஆகவே இச்சிமை. அதை நடுவில் வெட்டிப் பாதியாக்குகிறோம். அளவு குறைந்தாலும் தட்டைத்தன்மை மாறவில்லை, ஆகவே இப்போது நிமை. வெள்ளரிக்காய் ஒன்று, இப்பொன். அதை நீளவாக்கில் நான்காகப் பிளக்கிறோம். ஒவ்வொரு கீற்றும் நீளமாகவே இருக்கிறது, ஆகவே யொன்ஹொன். இதையே குறுக்கே மெல்லிய வட்டங்களாக நறுக்கியிருந்தால் ஒவ்வொரு வட்டமும் ‘மை’ ஆகியிருக்கும். கத்தி எந்தத் திசையில் போகிறது என்பதைப் பொறுத்து எண்ணிக்கைச் சொல் மாறுகிறது.

அரைத் தாளின் மேல் ஏறக்குறைய 80 கிராம் சோற்றைப் பரப்பி, நடுவில் ஒரு வெள்ளரிக் கீற்றை வைத்து, மூங்கில் பாயால் சுற்றுகிறோம். சற்று முன் இச்சிமையாக இருந்த அரைத் தாள் இப்போது ஒரு சுருளின் தோலாகிவிட்டது. கையில் இருப்பது நீண்ட உருளை, ஆகவே இப்பொன். இரண்டு அரைத் தாளுக்கு இரண்டு சுருள், நிஹொன். ஒவ்வொன்றையும் ஆறாக வெட்டினால், அகலமும் உயரமும் ஏறக்குறைய சமமான கட்டிகள் கிடைக்கும். ஒரு சுருளில் ரொக்கொ. இரண்டிலும் சேர்த்துப் பன்னிரண்டு, ஜூனிகொ. இங்கே ‘த்சு’ உதவாது, பத்தைக் கடந்துவிட்டோம். தட்டில் இருப்பதில் ஒன்றை எடுத்துத் தரச் சொல்லும்போது மட்டும் ஹிதொத்சு என்றால் போதும். மேலே தூவிய எள்ளில் ஒன்று மேசையில் விழுந்திருந்தால் அது ஹிதொத்சுபு. பரிமாறும் தட்டு இச்சிமை, சோயா பாட்டில் இப்பொன்.

ஒரே நோரித் தாள் மை, ஹொன், கொ என்று மூன்று சொற்களைக் கடந்து வந்துவிட்டது. ‘நோரிக்கு மை’ என்று பட்டியலில் மனப்பாடம் செய்தவர் சுற்றியவுடன் தடுமாறுவார். கண்முன் இருக்கும் வடிவத்தைப் பார்த்தவர் தடுமாற மாட்டார். மீன் வெட்டுபவரும் இப்படித்தான் எண்ணுகிறார். மீனின் இரு பக்கச் சதைகளையும் நடு முள்ளையும் பிரித்து மூன்று தட்டைப் பாகமாக்குவதற்கு ‘சன்மை ஒரொஷி’ என்று பெயர். உயிரோடு நீந்தியபோது அதே மீனுக்கு விலங்குகளுக்குரிய ‘ஹிகி’ என்ற சொல் இருந்தது.

கடையில் சோதித்துக்கொள்ளும் வழி

ஜப்பானியப் பொருள்களின் உறையில் எண்ணும் எண்ணிக்கைச் சொல்லும், அவற்றின் பின் ‘இரி’ என்ற சொல்லும் அச்சிடப்பட்டிருக்கும். ‘இரி’ என்றால் உள்ளே இருப்பது. முட்டைப் பெட்டியில் ஜுக்கொ இரி. பேட்டரி அட்டையில் யொன்ஹொன் இரி. கடற்பாசித் தாள் பையில் ஜூமை இரி. உறையை மூடிக்கொண்டு முதலில் வடிவத்தைப் பார்த்து ஊகியுங்கள், பிறகு படியுங்கள். தவறினால் ஏன் என்று யோசியுங்கள். ஜப்பானுக்குப் போகாமலே, ஜப்பானியப் பொருள் விற்கும் இணையக் கடைப் பக்கங்களிலும் இந்தப் பயிற்சியைச் செய்யலாம்.

2020 ஜூலை முதல் ஜப்பானில் கடைகள் பிளாஸ்டிக் பைக்குக் கட்டாயமாகக் காசு வாங்குகின்றன. அதனால் பை வேண்டுமா என்ற கேள்வி கல்லாவில் தவறாமல் வருகிறது. வெறும் பை தட்டையானது, ஆகவே “இச்சிமை” என்பதே பதில். பொருள் நிரம்பிய பையை எண்ணும்போது அது ‘ஹிதொஃபுகுரோ’ ஆகிவிடும், ஒரு பை நிறைய என்பதுபோல.

தவறான சொல்லைச் சொல்லிவிட்டால் கடைக்காரர் திருத்த மாட்டார். ஆனால் கேட்ட பொருளை உறுதிப்படுத்தத் திரும்பச் சொல்வார். குடை மூன்றை மித்த்சு என்று நீங்கள் கேட்டிருந்தால், அவர் “சம்பொன் தெசு நே” என்பார், மூன்றுதானே என்று. பணத்தை எடுக்கும் அவசரத்தில் அந்த ஒரு வார்த்தையைத் தவறவிட்டுவிடாதீர்கள்.